மூன்றாம் நாள்

நிமோனியாவுக்காக எங்கள் மருத்துவமனையில் சேர்ந்த தையற்காரர் ஒருவர் 23ஆம் நாள் வீடு திரும்பினார். நிமோனியா 3 நாளிலேயே அடங்கிவிட்டது. மிச்ச நாட்கள் அவர் படுத்துக் கிடந்தது, மருந்து ஏற்ற நாங்கள் அவர் கையில் செருகிய, விரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாயால்.

நான் அங்கே கிளினிக்கல் பார்மசிஸ்ட். ஊரில் யாரிடம் சொன்னாலும் "மெடிக்கல்ல மாத்திரை எடுத்துக் குடுக்கிற வேலையா?" என்பார்கள். அந்த வேலைக்குக் கீழ்த்தளத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் வேலை வார்டில். காலையில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டாகப் புரட்டி, அளவு சரியா, சிறுநீரகத்துக்கு ஏற்ப குறைத்திருக்கிறார்களா, ஒரு மருந்து இன்னொன்றோடு மோதுமா என்று பார்க்க வேண்டும். தவறு தெரிந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது பகுதிதான் கஷ்டம். ஒருமுறை ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் ஒரு அளவைப் பற்றிச் சொல்லப்போய், "ஏம்மா, ட்ரீட் பண்றது நானா, நீயா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நிறைய விஷயங்களை என் நோட்டில் பென்சிலால் மட்டும் எழுதிவைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

தையற்காரருக்கு 58 வயது. சர்க்கரை இல்லை, பீடி இல்லை. வந்த அன்று காய்ச்சல் 102.4, மூச்சு நிமிடத்துக்கு 30, ஆக்சிஜன் அளவு 89. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. இடது முன்கையில் கேனுலா போட்டு செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஆரம்பித்தார்கள், கூடவே அசித்ரோமைசின். அந்த நேரத்தில் அது சரியான முடிவு. மூச்சு வாங்குகிற மனிதருக்கு, உடம்பு என்ன உறிஞ்சும் என்று தெரியாதபோது, மருந்தை நேராக ரத்தத்தில் விடுவதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

மூன்றாம் நாள் காலை நான் கேஸ் ஷீட்டைப் பார்த்தபோது முந்தின நாள் காலையிலிருந்தே காய்ச்சல் இல்லை. நாடி 84, மூச்சு 18, ஆக்சிஜன் இல்லாமலே 97. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இட்லி வயிற்றில் தங்குகிறவருக்கு மாத்திரையும் தங்கும். நோட்டில் எழுதினேன்: 'ஐ.வி. நிறுத்தி மாத்திரை?' கடைசியில் அந்தக் கேள்விக்குறி. யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, இந்தக் கை ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுனு தெறிக்குது. கொஞ்சம் பாக்கச் சொல்றியா?" பிளாஸ்டர் ஒட்டியிருந்ததால் உள்ளே தெரியவில்லை. சிஸ்டரிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். அந்த ஷிஃப்டில் 22 நோயாளிகளுக்கு இரண்டே சிஸ்டர்கள். ஊசி வேலை என்பது ஊசி குத்துவது மட்டுமில்லை. குப்பியில் இருக்கிற பொடியைக் கரைக்க வேண்டும், சலைனில் கலக்க வேண்டும், குழாயைத் துடைத்து, அடைப்பு இருக்கிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்த்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, திரும்பி வந்து கழற்ற வேண்டும். வார்டில் பாதிப் பேருக்கு இது நடந்துகொண்டிருக்கும்போது ஒருவரின் கை தெறிப்பது வரிசையில் பின்னால் போய்விடும்.

ஆறாம் நாள் காலை மறுபடி காய்ச்சல், 103. நிமோனியா முறிய மறுக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து பிபராசிலின்-டாசோபேக்டமுக்கு மாற்றினார்கள். வலது கையில் இன்னொரு கேனுலா. நல்லவேளை, டியூட்டி டாக்டர் மருந்து மாற்றுமுன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பியிருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் பலமுறை திரும்பத் திரும்ப நிற்கிறேன். அந்தக் காய்ச்சலோடு எழுதியிருந்த மற்ற எண்கள் என்ன? மூச்சு 18, ஆக்சிஜன் 97, இருமல் குறைவு. நுரையீரலிலிருந்து காய்ச்சல் வந்திருந்தால் மூச்சும் கூடியிருக்க வேண்டும். நுரையீரல் அமைதியாக இருக்கும்போது உடம்பு கொதித்தால், நெருப்பு வேறெங்கோ இருக்கிறது. மருத்துவமனையில் இருக்கிற ஒருவருக்கு அந்த 'வேறெங்கோ'வைத் தேட முதலில் பார்க்க வேண்டியது நாம் செருகிய குழாய்களை. ஏழாம் நாள் ஒரு சிஸ்டர் இடது கைப் பிளாஸ்டரைப் பிரித்தார். குத்தின இடம் சிவந்து வீங்கி, அமுக்கினால் சீழ் வந்தது. அங்கிருந்து முழங்கை வரை ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்திருந்தது. அன்று மதியம் லேபிலிருந்து போன்: ரத்தத்தில் கிருமி வளர்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதிலும் சாதாரண மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை என்று பிறகு தெரிந்தது. தோலில் வாழ்கிற கிருமி. குழாய் போட்ட வழியில் உள்ளே போயிருக்கிறது. முந்தின நாள் மாற்றிய பெரிய மருந்துக்கு அந்தக் கிருமி மேல் எந்த அதிகாரமும் கிடையாது.

இனிமேல் மாத்திரை பற்றிப் பேச்சே இல்லை. இந்தக் கிருமி ரத்தத்தில் கிடைத்தால் இதய வால்வில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று எக்கோ பார்க்க வேண்டும். ரத்தம் சுத்தமானது என்று கல்ச்சர் சொன்ன நாளிலிருந்து எண்ணி, குறைந்தது 14 நாள் ஊசி. ஒன்பதாம் நாள் எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை. அன்றிலிருந்து 22ஆம் நாள் வரை வேங்கோமைசின், ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும், தினம் இரண்டு வேளை. அது சிறுநீரகத்தைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஊசியை மாத்திரையாக மாற்றியிருக்க வேண்டிய ஒருவரை, மாற்றவே கூடாத ஒருவராக நாங்களே ஆக்கியிருந்தோம்.

டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைகளை விளக்கப் போனேன். இடது கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். துணியை இழுத்துப் பிடிக்கிற கை. "ஏம்மா, வீட்டுக்காரி கேட்டா. காய்ச்சல் நின்ன அன்னைக்கே மாத்திரை குடுத்து அனுப்பியிருக்கலாமோன்னு. அப்படி முடியுமா?"

முடியும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியா" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

அன்று இரவு எழுத ஆரம்பித்த கடிதம் முதலில் நாலரைப் பக்கம் வந்தது. அதில் பாதி கோபம், பாதி ஆய்வுக் கட்டுரைகள். கீழ்த்தள மருந்தகத்தில் 30 வருஷமாக இருக்கிற அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "இத யாரு படிப்பா? டாக்டரு ஓ.பி.க்கு நடக்கையில படிக்கிறாப்ல ஒரு பக்கத்துல எழுது. யாரையும் குத்தம் சொல்லாத. குத்தம் சொன்னா உன் லெட்டரத்தான் மடிப்பான், ஊசிய நிறுத்தமாட்டான்" என்றார். இரண்டு வாரம் வெட்டிக்கொண்டே இருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியது, சாரம் இதுதான்:

"மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

ஐ.வி. ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்த 48 மணி நேரத்தில், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு முறை, இது இன்னும் ஊசியாகவே தேவையா என்று கேட்கும்படி வேண்டுகிறேன். பின்வரும் நான்குக்கும் பதில் சரியாக இருந்தால் அன்றே மாத்திரைக்கு மாற்றலாம்.

நோயாளி தேறிவருகிறாரா? 24 மணி நேரமாகக் காய்ச்சல் 100க்குக் கீழே, நாடி 100க்குள், மூச்சு 24க்குள், மேல் ரத்த அழுத்தம் 90க்குக் குறையாமல், நினைவு தெளிவாக. நுரையீரல் தொற்று என்றால் வெளி ஆக்சிஜன் இல்லாமல் 90க்குக் குறையாமல்.

வாயும் குடலும் வேலை செய்கின்றனவா? விழுங்க முடிகிறதா, வாந்தியோ கடும் பேதியோ இல்லையா?

தொற்று இருக்கும் இடம் மாத்திரைக்கு எட்டக்கூடியதா? மூளைக்காய்ச்சல், இதய வால்வுத் தொற்று, ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், வடிக்காத சீழ்க்கட்டி, வெள்ளணுக்கள் மிகக் குறைந்த புற்றுநோயாளி ஆகியோருக்கு இந்தக் கடிதம் பொருந்தாது.

தகுந்த மாத்திரை இருக்கிறதா? கல்ச்சர் வந்திருந்தால் அதன்படி.

முடிவு முழுக்க உங்களுடையது. நான்கும் பொருந்தும் கேஸ் ஷீட்டில் ஒரு பச்சைச் சீட்டு வைப்பேன். வேண்டாமென்றால் கிழித்துவிடலாம்."

கடிதத்தில் விளக்காமல் விட்டது ஒன்று, ஏனென்றால் டாக்டர்களுக்கு அது தெரியும், தெரிந்தும் நம்ப மறுப்பார்கள். நரம்பு ஊசிதான் 'ஸ்ட்ராங்' என்ற எண்ணம் நோயாளிக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் உள்ளூர இருக்கிறது. லினசோலிட் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியாகவும் ஒரு வேளைக்கு 600 மி.கி., மாத்திரையாகவும் 600 மி.கி. காரணம், விழுங்கினால் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குப் போய்விடுகிறது. மெட்ரோனிடசோல், லீவோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின், ஃப்ளூகோனசோல் எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே. ரத்தத்துக்குள் வந்து சேர்ந்த மருந்து எந்த வழியாக வந்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

எல்லா மருந்தும் இப்படிச் சுலபம் கிடையாது. தையற்காரருக்குக் கொடுத்த செஃப்ட்ரையாக்சோனுக்கு மாத்திரை வடிவமே இல்லை. அதிலிருந்து வேறொரு மருந்துக்குத்தான் தாவ வேண்டும். நான் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625, தினம் மூன்று வேளை என்று எழுதியிருப்பேன். அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக லீவோஃப்ளாக்சசினை எடுக்கத் தோன்றும். ஆனால் அது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். நிமோனியா என்று நினைத்தது காசநோயாக இருந்தால், நோயாளி கொஞ்ச நாள் தேறினமாதிரி இருப்பார், சளிப் பரிசோதனையில் அகப்படாமல் போகும், மாதங்கள் கழித்து மோசமாகத் திரும்பி வருவார். காசநோய் இவ்வளவு இருக்கிற நாட்டில் நெஞ்சுத் தொற்றுக்கு அதை முதலில் நீட்ட எனக்குத் தயக்கம். வேங்கோமைசினைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: வாயால் கொடுத்தால் ரத்தத்தில் சேராமல் குடலிலேயே தங்கிவிடும். அதனால் குடலுக்குள் இருக்கும் ஒருவகைத் தொற்றுக்கு மட்டும் அதை வாய்வழி கொடுப்பார்கள்.

கடிதம் போன முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. பச்சைச் சீட்டுகள் கேஸ் ஷீட்டிலேயே காய்ந்தன. ஒரு டாக்டர் மட்டும் கூப்பிட்டு, பொறுமையாகவே பேசினார். "பேஷன்ட் நல்லா இருக்காரும்மா. நல்லா போயிட்டிருக்கிறத எதுக்கு மாத்தணும்?" நல்லா இருக்கிறார் என்பதுதான் மாற்றுவதற்கான காரணம் என்றேன். சிரித்தார். சி.ஆர்.பி. இன்னும் 60 இருக்கிறதே என்றார். 180இலிருந்து 60க்கு வந்திருக்கிறது சார், இறங்குகிற திசை போதும், அது நார்மல் ஆகும்வரை, எக்ஸ்ரே தெளியும்வரை காத்திருந்தால் எல்லோரையும் வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றேன். மூட்டுத் தொற்று நோயாளி ஒருவரைக் காட்டி, எலும்புக்கெல்லாம் ஆறு வாரம் ஊசிதானே என்றார். 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பிரிட்டன் ஆய்வைச் சொன்னேன். எலும்பு, மூட்டுத் தொற்று வந்த 1054 பேரில் பாதிப் பேரை முதல் ஒரு வாரத்துக்குள் மாத்திரைக்கு மாற்றினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிகிச்சை தோற்றது ஊசிக்காரர்களில் 14.6 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 13.2. அதே இதழில் டென்மார்க்காரர்கள் இதய வால்வுத் தொற்றிலேயே, குறைந்தது 10 நாள் ஊசிக்குப் பிறகு, நிலையான நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்து, மோசமில்லை என்று காட்டியிருந்தார்கள். "அதெல்லாம் நிபுணர் குழு பக்கத்துல நின்னு பண்ணது" என்றார். உண்மைதான். அதனால்தான் அவர்களை என் கடிதத்துக்கு வெளியே வைத்திருந்தேன். நான் கேட்பது சாதாரண நிமோனியாவும் சிறுநீர்த் தொற்றும் காலில் செல்லுலைட்டிஸும்தான்.

பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையான காரணத்தைச் சொன்னார். "இன்சூரன்ஸ்காரன் என்ன கேக்குறான் தெரியுமா? மாத்திரைதான்னா எதுக்கு அட்மிஷன்னு கேக்குறான். க்ளெய்ம் ரிஜக்ட் ஆனா அந்த பேஷன்ட் என் கழுத்தத்தான் பிடிப்பான்." இதற்கு என்னிடம் கடிதத்தில் பதில் இல்லை. யோசித்து, காப்பீட்டு மேசையில் இருக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். சேர்ந்த நாளில் ஊசி ஏன் தேவைப்பட்டது என்பதையும், எந்த நாளில் எந்த எண்கள் சரியானதால் மாற்றினோம் என்பதையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எழுதினால் தனக்கு வாதாட வசதி என்றார். அந்த இரண்டு வரியை நானே எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். எல்லா க்ளெய்மும் தப்பித்தது என்று சொல்லமாட்டேன். மருத்துவமனைக்கு ஊசியில் வருமானம் அதிகம் என்பதும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம். அதைப் பற்றி யாரிடம் கடிதம் எழுதுவது?

நோயாளிகள் வேறு. ஒரு அம்மா, மகனுக்கு மாத்திரை என்றதும், "இத்தன காசு கட்டிட்டு மாத்திரையா? அத எங்க தெருக் கடையிலயே வாங்கியிருப்பேனே" என்றார். நான் கிண்ணத்தில் ரசம் ஊற்றின கதையெல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியில் அவர் மகனின் புறங்கையைக் காட்டினேன். இரண்டு கேனுலா போட்ட இடமும் நீலம் பாரித்திருந்தது. "மூணாவது எங்க போடலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா." அதற்குப் பிறகு வாதம் இல்லை.

நான் தோற்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத் தொற்றோடு வந்த 34 வயதுப் பெண். கல்ச்சரில் வந்த கிருமி சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்கும் என்றிருந்தது. மூன்றாம் நாள் நான்கு கேள்விக்கும் சரி. பச்சைச் சீட்டு வைத்தேன், டாக்டர் ஒப்புக்கொண்டார், சிப்ரோ 500 தினம் இரண்டு வேளை என்று வீட்டுக்குப் போனார். மூன்று நாளில் காய்ச்சலோடு திரும்பி வந்தார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேறொரு டாக்டர் ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்பு மாத்திரை, கூடவே கால்சியம். "எல்லாத்தையும் ஒண்ணா காலையிலயும் ராத்திரியும் போட்டுக்குவேன் மேடம், மறந்துடக் கூடாதுன்னு." இரும்பும் கால்சியமும் சிப்ரோவைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். அவர் விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தைப் பார்க்கவே இல்லை. சிப்ரோவைப் போட்ட 2 மணி நேரம் தள்ளியாவது அவற்றைப் போட வேண்டும், இல்லை, அந்த ஒரு வாரம் இரும்பை நிறுத்திவைக்கலாம். ஊசியில் இந்தப் பிரச்சினையே வராது. நான்கு கேள்விக்கும் சரி போட்டவள், ஐந்தாவதாக 'வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேட்கவில்லை. அது பார்மசிஸ்ட் கேட்க வேண்டிய கேள்வி, டாக்டருடையது கூட இல்லை. இரும்பை நிறுத்தி, அதே சிப்ரோவைத் தொடர்ந்தோம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் கடிதத்தின் இரண்டாம் பதிப்பில் அந்த வரி ஏறியது. கூடவே ஒரு எச்சரிக்கையும்: ஆறு மணிக்கொருமுறை பாராசிட்டமால் ஏறிக்கொண்டிருந்தால் காய்ச்சல் இல்லை என்ற எண்ணை நம்பாதீர்கள். அதைப் பற்றி ஒரு டியூட்டி டாக்டர்தான் எனக்குச் சொன்னார். அவர் சொன்னது சரி.

ஆறு மாதம் இருக்கும். என்னை ரவுண்ட்ஸில் 'நானா, நீயா' என்று கேட்டவர், கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், ஒரு செவ்வாய்க்கிழமை வார்டிலிருந்து போன் செய்தார். "ஏம்மா, எட்டாம் கட்டில். காலில் செல்லுலைட்டிஸ், மூணாம் நாள். உன் சீட்டு ஒண்ணும் காணோமே?"

மேலே போனேன். காய்ச்சல் இல்லை, சிவப்பு நாங்கள் பேனாவால் வரைந்த கோட்டுக்கு உள்ளே சுருங்கியிருந்தது. மற்ற எண்களும் சரி. தட்டில் பாதி தோசை. வேறு மாத்திரை ரத்த அழுத்தத்துக்கு மட்டும். நான் சீட்டு வைக்காதது அன்று வார்டுக்கு வரத் தாமதமானதால்தான், வேறு காரணமில்லை. அதைச் சொன்னேன். மாத்திரையை அவரே எழுதினார்.

கீழே இறங்கும்போது மனசு கேட்காமல் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஊசியை நிறுத்தியாயிற்று, மாத்திரை வந்துவிட்டது, கேனுலா மட்டும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கையிலேயே ஒட்டியிருந்தது. கடிதத்தின் இரண்டு பதிப்பிலும் நான் எழுதாமல் விட்டது. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பிளாஸ்டரைப் பிரித்து, உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கேஸ் ஷீட்டில் 'கேனுலா நீக்கப்பட்டது, காலை 11.20' என்று எழுதினார்.